நேர்காணல் தேதியை உறுதிசெய்யும் முன் எழுத வேண்டிய மெயில்

கேள்வி: எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழியில்தான் பேசுவேன். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேற்று அந்த நிறுவனத்தின் ரெக்ரூட்டர் மெயில் அனுப்பி, நேர்காணலுக்கு அடுத்த வாரம் மூன்று நாட்களில் எது வசதி என்று கேட்டிருக்கிறார். நேரில் போக வேண்டும், மூன்று பேர் கொண்ட குழு, ஒன்றரை மணி நேரம். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கழற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என் தங்கைக்குச் சைகை நன்றாகத் தெரியும். “நானே கூட வருகிறேன், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம்” என்கிறாள். சொல்வதா, வேண்டாமா? சொன்னால் எப்படிச் சொல்வது?

பதில்: சொல்லுங்கள். அதுவும் இந்த மெயிலுக்கு எழுதும் பதிலிலேயே சொல்லுங்கள். மூன்று நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து “சரி” என்று அனுப்பிவிட்டு, அப்புறம் இன்னொரு மெயிலில் மொழிபெயர்ப்பாளரைப் பற்றி எழுதலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் விஷயத்தில் நாளைத் தீர்மானிக்கப்போவது குழுவில் இருக்கும் மூவரின் நேரம் மட்டுமல்ல, மொழிபெயர்ப்பாளரின் நேரமும்தான். தேர்ச்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் எங்குமே குறைவு. நல்லவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே நாட்கள் நிரம்பிவிடும். நாள் முதலில் முடிவாகி, ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த நாளை மாற்ற யாருக்கும் மனம் வராது. “இந்த ஒருமுறை எழுதிக் காட்டிச் சமாளித்துக்கொள்ளலாமே” என்பார்கள். அந்த வலையில் நீங்கள் விழக்கூடாது.

உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டவுடன் பின்வாங்கும் நிறுவனங்கள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சொல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் அறைக்குள் நுழைகிறீர்கள். மூவரும் திகைக்கிறார்கள். ஒருவர் தாளை எடுத்து எழுதுகிறார், இன்னொருவர் வாயை அகலத் திறந்து மெதுவாகப் பேசுகிறார். ஒன்றரை மணி நேரத்தில் கேட்க வேண்டிய பதினைந்து கேள்விகளில் நான்கைந்துதான் கேட்க முடிகிறது. கடைசியில் அவர்கள் மதிப்பெண் தாளில் “பதில்கள் சுருக்கமாக இருந்தன, ஆழம் தெரியவில்லை” என்று எழுதுவார்கள். உங்கள் வேலைத்திறனைப் பற்றி அவர்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. ஆனாலும் அந்த மதிப்பெண் உங்கள் பெயரில் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அழைப்பு எழுத்தில் உங்கள் கைக்கு வந்துவிட்டது. உங்கள் தகுதியைப் பார்த்துத்தான் அழைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஏற்பாடு கேட்டு, கேட்ட மறுநாளே “பணியிடம் நிரம்பிவிட்டது” என்று பதில் வந்தால், மெயில்களின் தேதிகளே நடந்ததைச் சொல்லிவிடும். ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். விண்ணப்பத்திலேயே சொல்லியிருந்தால் இந்தப் பிடிமானம் இருந்திருக்காது, ஏன் அழைக்கவில்லை என்று உங்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. நேர்காணல் நாளன்று சொன்னால் ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் இருக்காது. அதனால்தான் அழைப்பு வந்து, நாள் முடிவாகாத இந்த இடைவெளியைச் சரியான நேரம் என்கிறேன்.

சரி, தங்கை விஷயம். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேண்டாம். நீங்கள் ஒரு பதிலில் தடுமாறினால், உங்களை நன்கு தெரிந்த அவர் தன்னை அறியாமலே அதைச் சரிசெய்து சொல்லிவிடுவார். நீங்கள் ஐந்து வாக்கியத்தில் விளக்கியதை இரண்டாகச் சுருக்கியும் விடலாம். டேட்டா வேலையில் வரும் சொற்கள் அவருக்குப் பழக்கமா? ரிக்ரஷன், அவுட்லையர், இரண்டு டேபிள்களை ஜாயின் செய்வது, இதற்கெல்லாம் வீட்டுச் சைகை போதாது. எழுத்துக்கு எழுத்து விரலால் காட்ட வேண்டும், அல்லது முன்கூட்டியே பேசி முடிவு செய்த சைகை வேண்டும். இதெல்லாம் சரியாக அமைந்தாலும், குழுவில் ஒருவர் மனதுக்குள் “இந்தப் பதில் இவருடையதா, தங்கையுடையதா” என்று நினைத்துவிட்டால் முடிந்தது. சம்பளம் பேசும்போது அவர் நடுவில் உட்கார்ந்திருப்பதும் சங்கடம்தான். தொழில்முறை மொழிபெயர்ப்பாளருக்கு நடத்தை நெறி உண்டு. எதையும் சேர்க்கமாட்டார், விடமாட்டார், வெளியே சொல்லவும் மாட்டார். அந்த அறையில் உங்களுக்குத் தேவை இந்த மூன்றும்தான்.

இனி எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். நான் பல ஆண்டுகள் ரெக்ரூட்டராக இருந்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மெயிலில் எதை எழுத வேண்டும் என்பது தானாகப் புரியும். உங்கள் மெயிலைப் படிக்கும் ரெக்ரூட்டர் பெரும்பாலும் வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருக்க மாட்டார். அவர் முன்னால் மூன்று வேலைகள் வந்து நிற்கும். செலவுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், நேர்காணல் குழுவுக்குத் தெரியப்படுத்த வேண்டும். “எனக்குக் காது கேட்காது, தகுந்த ஏற்பாடு செய்யுங்கள்” என்று மட்டும் எழுதினால் இந்த மூன்றில் எதையும் அவரால் தொடங்க முடியாது. எது தகுந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நல்ல எண்ணத்தோடே தவறாக ஏதாவது செய்வார். சத்தமாகப் பேசச் சொல்வார், திரையில் எழுத்து ஓடவிட்டால் போதும் என்பார், இல்லையென்றால் வேறு நாட்டுச் சைகை மொழி தெரிந்தவரை அழைத்துவருவார்.

கடைசியாகச் சொன்னது மிகையில்லை. உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்று நினைப்பவர்கள் ஏராளம். அமெரிக்கச் சைகை மொழியும் பிரிட்டிஷ் சைகை மொழியும் ஒன்றுக்கொன்று புரியாத வேறு வேறு மொழிகள். இரண்டு நாட்டிலும் பேசுவது ஆங்கிலம்தான் என்றாலும் ஒன்றில் விரலெழுத்துக்கு ஒரு கை போதும், மற்றதில் இரண்டு கை வேண்டும். ஆகவே “சைகை மொழி” என்று பொதுவாக எழுதாமல், நீங்கள் பேசும் சைகை மொழியின் முழுப் பெயரை எழுதுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம். நேர்முகத் தேர்வுக்கு அழைத்ததற்கு நன்றி, கலந்துகொள்ள விரும்புகிறேன். நான் காது கேளாதவர், இன்ன சைகை மொழியில் உரையாடுபவர். நேர்காணலுக்குத் தேர்ச்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருவரை ஏற்பாடு செய்து தர வேண்டுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருவரே தொடர்ந்து செய்தால் துல்லியம் குறையும் என்பதால் இருவர் மாறி மாறிச் செய்வது வழக்கம். நீங்கள் குறிப்பிட்ட மூன்று நாட்களும் எனக்கு வசதிதான். மொழிபெயர்ப்பாளர்கள் கிடைக்கும் நாளை உறுதிசெய்யுங்கள், தேவைப்பட்டால் அதற்கு அடுத்த வாரமும் வர முடியும். இருபுறமும் மொழிபெயர்க்க வேண்டியிருப்பதால் ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா? குழுவினரின் பெயர்களையும், கேள்விகளில் வரக்கூடிய தொழில் சொற்களையும், திரையில் காட்டும் பயிற்சி இருந்தால் அதன் விவரத்தையும் மூன்று நாள் முன்னதாக மொழிபெயர்ப்பாளர்களுக்கு அனுப்பினால் உதவியாக இருக்கும். மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் இரண்டு நிறுவனங்களின் விவரத்தைக் கீழே தந்திருக்கிறேன். என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம், மெயிலோ குறுஞ்செய்தியோ அனுப்புங்கள். ஏற்பாடு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை நாளை மறுநாளுக்குள் தெரிவித்தால் நன்று.”

இதில் சில வரிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இருவர் என்பதைப் படித்ததும் “ஒருவர் போதாதா” என்று கேட்பார்கள். சைகை மொழிபெயர்ப்பு என்பது கேட்டுக்கொண்டே, புரிந்துகொண்டே, உடலால் வேறொரு மொழியில் சொல்வது. மூளை சீக்கிரம் களைத்துவிடும். அதனால்தான் நீண்ட அமர்வுகளில் இருவர் இருபது நிமிடம் போல ஒருவர் என்று மாறிக்கொள்வார்கள். ஓய்வில் இருப்பவரும் சும்மா இருப்பதில்லை, தவறவிட்ட எண்ணையோ பெயரையோ எடுத்துக்கொடுப்பார். அரை மணி நேரப் பேச்சுக்கு ஒருவர் போதும். உங்களுடையது ஒன்றரை மணி நேரம், அதுவும் தொழில்நுட்பப் பேச்சு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவர்தான் கிடைக்கிறார் என்ற நிலை வந்தால், நடுவில் பத்து நிமிட இடைவேளையாவது நேர அட்டவணையிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

திரைப் பயிற்சி பற்றிய வரியை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். டேட்டா வேலைக்கான நேர்காணலில் ஒரு டேபிளையோ வரைபடத்தையோ திரையில் போட்டு, அதைக் காட்டிக்கொண்டே கேள்வி கேட்பார்கள். காது கேட்பவர் கண்ணால் திரையையும் காதால் கேள்வியையும் வாங்கிக்கொள்வார். உங்களுக்கு இரண்டுமே கண் வழியாகத்தான் வர வேண்டும். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தால் திரை போய்விடும், திரையைப் பார்த்தால் கேள்வி போய்விடும். ஆகவே முதலில் கேள்வி, பிறகு மௌனம், அந்த மௌனத்தில் நீங்கள் திரையைப் பார்ப்பது என்று வரிசைப்படுத்த வேண்டும். இது குழுவுக்கு யாரும் சொல்லாமல் தோன்றாது. அதே பயிற்சியை ஒரு தாளில் அச்சடித்தும் கையில் தந்தால் இன்னும் நல்லது.

தொலைபேசி வரியையும் விட்டுவிடாதீர்கள். ரெக்ரூட்டரின் கை பழக்கத்தில் போனுக்குத்தான் போகும். இரண்டு முறை அழைப்பார், நீங்கள் எடுக்கவில்லை என்றால் “தொடர்பு கொள்ள முடியவில்லை” என்று குறித்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார். கெட்ட எண்ணமே இல்லாமல் நடக்கும் காரியம் இது.

மெயிலில் எவையெல்லாம் இல்லை என்பதையும் கவனியுங்கள். எத்தனை சதவீதம் கேட்காது, எந்த வயதில் தெரிந்தது, என்ன சிகிச்சை, சான்றிதழ் நகல் எதுவும் இல்லை. நேர்காணலுக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தேவையான செய்தி, உங்கள் மருத்துவ வரலாறு அல்ல. பல நாடுகளின் சட்டமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின்படி, வேலை தருவதாகச் சொல்லும் முன் ஒருவரின் உடல்நிலையைப் பற்றி நிறுவனம் பொதுவாகக் கேட்கக்கூடாது. ஆனால் தேர்வில் கலந்துகொள்ள ஏதாவது ஏற்பாடு வேண்டுமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் ஏறக்குறைய இதே பிரிவினைதான். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று தன் இரண்டாவது பிரிவில் சொல்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் கட்டத்துக்கும் பாகுபாடு கூடாது என்பதை அதன் 27ஆவது பிரிவு தெளிவாக்குகிறது. இவற்றை முதல் மெயிலில் எழுத வேண்டாம். சட்டப் பிரிவைப் பார்த்ததும் ரெக்ரூட்டர் மெயிலை அப்படியே சட்டத் துறைக்குத் தள்ளிவிடுவார், உங்கள் நாள் கைவிட்டுப் போகும். மறுப்பு வந்தால் அப்போது உங்கள் நாட்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்லி எழுதலாம்.

“சிரமத்துக்கு மன்னிக்கவும்” என்பதும் அதில் இல்லை. மன்னிப்பில் தொடங்கும் கோரிக்கையைப் படிப்பவர், முடிந்தால் செய்யலாம் என்ற வரிசையில் போட்டுவிடுகிறார். நான் பார்த்த வரையில் இது உண்மை.

இனி பதில்கள் வரும். “நிச்சயமாக, குறித்துக்கொண்டோம்” என்று வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள், ஆனால் அதை உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறித்துக்கொள்வது வேறு, ஏற்பாடு செய்வது வேறு. இந்த வித்தியாசத்தை நான் ஒருவருக்கு இழைத்த தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். உங்களைப் போலவே ஒருவர் தெளிவாக மெயில் எழுதியிருந்தார். நான் மொழிபெயர்ப்பாளரைப் பேசி, காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன். முந்தைய நாள் மாலை குழுத் தலைவரின் வேலை காரணமாக நேர்காணல் மதியம் ஒரு மணிக்குத் தள்ளிப்போனது. விண்ணப்பதாரருக்குச் சொன்னேன், குழுவில் எல்லோருக்கும் சொன்னேன், மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லவில்லை. எங்கள் காலண்டரில் அவர் பெயரே இல்லாததுதான் காரணம். மொழிபெயர்ப்பாளர் பத்துக்கு வந்து காத்திருந்து, அடுத்த வேலைக்குப் போய்விட்டார். மதியம் அந்த விண்ணப்பதாரர் வரவேற்பறையில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாளை மாற்றினோம். ஆனால் அன்று காலையிலிருந்து தயாராகி வந்த அவரிடம் அதை ஒரு தாளில் எழுதிக் காட்டியது இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளரின் பெயர் அல்லது அவரை அனுப்பும் நிறுவனத்தின் பெயர் எழுத்தில் உங்கள் கைக்கு வரும்வரை ஏற்பாடு நடக்கவில்லை என்றே கணக்கு வையுங்கள். பெயர் வந்ததும், நேர்காணலுக்கான காலண்டர் அழைப்பில் மொழிபெயர்ப்பாளர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். நேரம் மாறினால் அவர்களுக்கும் தானாகச் செய்தி போகும். இரண்டு வேலை நாள் முன்பு ஒரு வரி மெயில் போதும்: “நாளை மறுநாள் இத்தனை மணிக்கு இன்னார் இருவரும் வருகிறார்கள் என்பதை உறுதிசெய்ய முடியுமா?” நேரமோ அறையோ மாறும் ஒவ்வொரு முறையும் இதையே திரும்பக் கேளுங்கள். நச்சரிப்பதாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். ஏற்பாடுகள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான்.

“நீங்களே ஒருவரை அழைத்து வரலாமா” என்று பதில் வரலாம். ஆளைப் பரிந்துரைக்க உங்களால் முடியும், கட்டணம் நிறுவனத்துடையது. “நான் வழக்கமாகப் பணிபுரிபவரின் விவரத்தைத் தருகிறேன், அவரோடு நீங்கள் நேரடியாகப் பேசி, கட்டணத்தையும் நீங்களே செலுத்த வேண்டுகிறேன்” என்று எழுதுங்கள். பழகிய மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது உங்களுக்கு லாபம்தான். உங்கள் சைகையின் வேகம், நீங்கள் சொல்லும் விதம் அவருக்குத் தெரிந்திருக்கும், குரலில் உங்களைச் சரியாகக் கொண்டுவருவார்.

“தானியங்கி கேப்ஷன் போட்டுவிட்டால் போதாதா” என்றும் கேட்கலாம். போதாது. அது அவர்கள் பேசுவதை எழுத்தாக்கும், நீங்கள் சைகையில் சொல்வதை அவர்களுக்குச் சொல்லாது. பெயர்களிலும் தொழில் சொற்களிலும்தான் அது அதிகம் தடுமாறும், உங்கள் நேர்காணலில் நிறைந்திருப்பதும் அவைதான். சைகையையே முதல் மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து மொழி இரண்டாம் மொழி என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள், பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். மொழிபெயர்ப்பாளரோடு சேர்த்துக் கேப்ஷனும் இருந்தால் மறுக்க வேண்டியதில்லை.

“நேரில் வர யாரும் கிடைக்கவில்லை, வீடியோவில் ஒருவர் இருக்கிறார்” என்றால் யோசித்துப் பார்க்கலாம். அப்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். திரை பெரியதாக, உங்கள் எதிரே இருக்க வேண்டும். கைபேசித் திரையில் விரலெழுத்து தெளிவாகத் தெரியாது. மேசை நடுவில் தனி மைக் வேண்டும். மடிக்கணினியின் மைக்கில் தூரத்தில் இருப்பவர் பேசுவது மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்காது, அவருக்குக் கேட்காதது உங்களுக்கும் வராது. முந்தைய நாள் ஐந்து நிமிடம் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே முடியாது என்றால், மொழிபெயர்ப்பாளர் இல்லாத நேர்காணலைவிட ஒரு வாரம் தள்ளிப்போன நேர்காணல் உங்களுக்கு நல்லது. பதிலே வராவிட்டால் இரண்டு வேலை நாள் கழித்து அதே மெயில் தொடரில் நினைவூட்டுங்கள். அதற்கும் மௌனம் என்றால் ஹெச்.ஆர். பிரிவின் பொது முகவரியையும் சேர்த்து அனுப்புங்கள். ரெக்ரூட்டர் வெளி ஏஜென்சியைச் சேர்ந்தவராக இருந்தால் முதல் மெயிலிலேயே “நிறுவனத்தில் இதற்குப் பொறுப்பானவர் யார்” என்று கேட்டுவிடுங்கள். நடுவில் ஒருவர் இருக்கும்போது செய்தி அவரோடு நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பதிலைச் சக்கர நாற்காலியில் செல்பவர்களும் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. உங்களுக்கும் வழி இதேதான், கேள்விதான் வேறு. “சாய்தளம் இருக்கிறதா” என்று கேட்டால் வரவேற்பில் இருப்பவர் “இருக்கிறது” என்பார். அது பின்வாசலில் இருக்கும், பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. அல்லது சாய்தளத்தைத் தாண்டினால் லிஃப்டுக்கு முன்னால் ஒரே ஒரு படி இருக்கும். நடப்பவர் கண்ணுக்கு அந்த ஒரு படி தெரியவே தெரியாது. ஆகவே “வண்டியை விட்டு இறங்கும் இடத்திலிருந்து நேர்காணல் அறை வரையிலும், கழிவறைக்கும், ஒரு படிகூட இல்லாத வழி உண்டா? ஒருவர் அந்த வழியில் நடந்து பார்த்து, வாசலையும் சாய்தளத்தையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா?” என்று கேளுங்கள். உங்கள் நாற்காலியின் அகலத்தைச் சென்டிமீட்டரில் எழுதி, மிகக் குறுகலான கதவு எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். அமெரிக்க விதிகளில் சாய்தளத்தின் அதிகபட்சச் சரிவு 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம். படத்தில் மூன்று படி உயரத்துக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தால், அது நாற்காலிக்கான சாய்தளம் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்போது அறையைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது அவர்களுக்கு ஒரு காசு செலவில்லாத காரியம்.

திரும்ப உங்களிடம் வருகிறேன். நேர்காணல் நாளன்று அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். மொழிபெயர்ப்பாளர்களோடு பதினைந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து உங்கள் பெயர்ச் சைகை, நீங்கள் செய்த புராஜெக்ட்களின் பெயர்கள், அடிக்கடி வரும் சொற்களுக்கான சைகைகள் எல்லாவற்றையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அறையில் மொழிபெயர்ப்பாளர் உட்கார வேண்டிய இடம் குழுவினரின் பக்கம், கேள்வி கேட்பவருக்கு ஓரத்தில், உங்களுக்கு நேர் எதிரே. உங்கள் பக்கத்தில் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தால் நீங்கள் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்ப வேண்டும், குழுவின் முகபாவம் உங்களுக்குத் தெரியாமல் போகும். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் கைகள் நிழலாகத்தான் தெரியும், திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்லுங்கள்.

தொடங்கும்போது குழுவுக்கு நீங்களே சொல்லுங்கள்: “என்னைப் பார்த்தே பேசுங்கள், மொழிபெயர்ப்பாளரைப் பார்க்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். என் பதில் சில நொடிகள் தாமதமாக வரும், அது மொழிபெயர்ப்புக்கான நேரம்.” கடைசி வரி முக்கியம். அந்தச் சில நொடி மௌனத்தைத் தயக்கம் என்று நினைத்துக் குழுவில் ஒருவர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இடையில் மொழிபெயர்ப்பில் ஏதோ தவறிவிட்டது என்று தோன்றினால், அதாவது நீங்கள் சொன்னதற்கும் அவர்கள் திரும்பக் கேட்பதற்கும் சம்பந்தமில்லை என்றால், உடனே நிறுத்தி “அந்தப் பதிலை மறுபடி சொல்கிறேன்” என்று தொடங்குங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மதிப்பெண் அந்தப் பிழையான பதிலுக்குப் போய்விடும்.

எல்லாம் செய்தும் அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்றால், தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். “கொஞ்ச நேரம் எழுதிப் பேசிப் பார்க்கலாம்” என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்கள் நேர்காணலாகப் பதிவாகும். வேறு நாள் கேட்டு, கட்டடத்தை விட்டு வெளியேறும் முன்பே கைபேசியிலிருந்து ரெக்ரூட்டருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்: இத்தனை மணிக்கு வந்தேன், மொழிபெயர்ப்பாளர் இல்லை, புதிய நாள் கேட்டிருக்கிறேன்.

நேர்காணல் நன்றாக முடிந்தால் அன்று மாலை அனுப்பும் நன்றி மெயிலில், அடுத்த சுற்று இருந்தால் இதே மொழிபெயர்ப்பாளர்கள் இருவரையும் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டுவிடுங்கள். உங்கள் சொற்கள் அவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், ரெக்ரூட்டருக்கும் யாரைக் கேட்பது, எப்படிக் கட்டணம் செலுத்துவது என்பது தெரிந்திருக்கும். தங்கையிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நேர்காணலுக்கு முந்தைய நாள் மாலை அவர் குழுவின் இடத்தில் உட்கார்ந்து சைகையில் உங்களைக் கேள்வி கேட்டு, எந்தப் பதில் புரியவில்லை என்று சொல்லட்டும்.